நம்பிக்கை இடைவெளியைக் கணிதம் அறியாதவர்களுக்கு எந்த வாக்கியத்தில் சொல்வது? சில வழிகளின் ஒப்பீடு

முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கும், ஆனால் கணிதப் பயிற்சி இல்லாத ஒரு குழுவின் முன் புள்ளியியல் ஆய்வொன்றின் முடிவை வைக்கும்போது, பேச்சு பெரும்பாலும் தடைப்படும் இடம் நம்பிக்கை இடைவெளிதான். சராசரியும் சதவீதமும் எல்லோரும் கேட்டுப் பழகியவை. "95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.4 முதல் 14.6 வரை" என்ற வாக்கியம் அப்படிப்பட்டதல்ல. அதைக் கேட்டதும் சிலர் கவனத்தை விலக்கிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் தாங்களாகவே ஒரு பொருளை அதில் ஏற்றிக்கொண்டு தலையாட்டுகிறார்கள். இந்த இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் பேசுபவர் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து. புரியவில்லை என்று உணர்ந்தவர் கேள்வி கேட்கக்கூடும். புரிந்துவிட்டதாக எண்ணுபவர் அந்தத் தவறான பொருளின் மேலேயே முடிவெடுத்துவிடுவார்.

வழிகளை ஒப்பிடுவதற்கு ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்துவிட்டு வராமல் போகும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க, முந்தைய நாள் ஒரு நினைவூட்டல் அழைப்பு விடுத்துப் பார்க்கிறார்கள். 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 400 பேருக்கு அழைப்பு விடுக்கிறார்கள்; மீதி 400 பேரை வழக்கம்போல் விட்டுவிடுகிறார்கள். அழைப்புப் பெற்றவர்களில் 272 பேர், அதாவது 68 சதவீதத்தினர் வந்தார்கள். அழைப்புப் பெறாதவர்களில் 240 பேர், அதாவது 60 சதவீதத்தினர் வந்தார்கள். வித்தியாசம் 8 சதவீதப் புள்ளிகள். இடைவெளியைக் கணக்கிடும் முறை இதுதான்:

```
√(0.68×0.32/400 + 0.60×0.40/400) = 0.0338
0.08 ± 1.96×0.0338  →  0.014, 0.146
```

முதல் வரியில் கிடைப்பது திட்டப் பிழை; அதை 1.96-ஆல் பெருக்கி, வித்தியாசத்தின் இரு பக்கமும் வைத்தால் இடைவெளி கிடைத்துவிடும். இந்த எண்களோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம்: அழைப்பு விடுப்பதற்கான ஆள்செலவைக் கணக்கிட்ட நிர்வாகம், 100 பேருக்குக் குறைந்தது 5 பேராவது கூடுதலாக வந்தால்தான் இந்த ஏற்பாடு கட்டுப்படியாகும் என்று கருதுகிறது. குழு தீர்மானிக்க வேண்டியது, அழைப்பை எல்லோருக்கும் விரிவுபடுத்தலாமா என்பது.

எந்த வழியில் சொன்னாலும் அதை மூன்று கேள்விகளால் அளக்கலாம். கேட்டவர் மனத்தில் தவறான பொருள் எதுவும் தங்காமல் இருக்கிறதா? கேட்டபின் அவரால் தீர்மானிக்க முடிகிறதா? யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால், சொன்ன வாக்கியம் தாக்குப்பிடிக்கிறதா? மூன்றிலும் முழு மதிப்பெண் பெறும் வழி எதுவும் எனக்குத் தெரிந்தவரை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தவறும் இடம் வேறு, தவறுவதன் விலையும் வேறு.

மிக எளிதானது, கருத்துக்கணிப்புச் செய்திகளில் பழகிப்போன "கூட்டல் கழித்தல்" வடிவம்: "வித்தியாசம் 8 புள்ளிகள், கூட்டல் கழித்தல் 6.6." இதைச் சொல்ல ஒரே மூச்சு போதும். ஆனால் இதைக் கேட்பவர்கள் அதை ஒரு வேலி போல எடுத்துக்கொள்கிறார்கள்: உண்மை இதற்குள்தான் இருக்கிறது, வெளியே போக வாய்ப்பே இல்லை, உள்ளே எங்கும் சமமாக இருக்கலாம் என்று. இரண்டும் சரியல்ல. இடைவெளியின் நடுவில் உள்ள 8-க்குத் தரவு அளிக்கும் ஆதரவோடு ஒப்பிட்டால், விளிம்பில் உள்ள 1.4-க்கு அது அளிக்கும் ஆதரவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். விளிம்பைத் தாண்டியதும் அந்த ஆதரவு திடீரென்று அறுந்துபோவதுமில்லை, மெல்ல மெல்லத்தான் குறைந்துகொண்டு போகிறது.

இந்த வடிவம் முற்றாகக் கைவிடும் இடமும் உண்டு. ஒரு மருந்தை 100 பேருக்குக் கொடுத்து, ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்றால், மேலே காட்டியது போன்ற சூத்திரம் "0 கூட்டல் கழித்தல் 0" என்ற விடையைத் தரும். அப்படிச் சொன்னால் மருந்து முற்றிலும் பாதுகாப்பானது என்று கேட்பவர் எண்ணிக்கொள்வார். உண்மையில் இத்தகைய நிலையில் 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மேல் எல்லை தோராயமாகக் கிடைக்கும். 100 பேரில் எவருக்கும் வராத பக்கவிளைவு, உண்மையில் 100-க்கு 3 பேர் வரை வரக்கூடியதாக இருக்கலாம். அரிய நிகழ்வுகளைப் பற்றிப் பேசும்போது கூட்டல் கழித்தலை அறவே தவிர்ப்பது நல்லது.

அடுத்தது, எல்லோர் வாயிலும் இயல்பாக வரும் வாக்கியம்: "உண்மையான வித்தியாசம் 1.4-க்கும் 14.6-க்கும் இடையில் இருப்பதற்கு 95 சதவீத வாய்ப்பு உண்டு." கேட்பவர் அறிய விரும்புவது இதைத்தான், அதனால் சொல்பவரும் இதையே சொல்லிவிட விரும்புகிறார். ஆனால் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் 1930-களில் வகுத்துக்கொடுத்த இடைவெளி இந்த வாக்கியத்தைச் சொல்வதற்காக அமைக்கப்பட்டதல்ல. அவருடைய முறையில், 95 சதவீதம் என்பது இடைவெளிகளை உருவாக்கும் வழிமுறைக்கு உரிய தரம். அந்த வழிமுறையால் மீண்டும் மீண்டும் இடைவெளிகளை உருவாக்கினால், நெடுங்காலத்தில் 100-க்கு 95 தடவை அவை உண்மை மதிப்பை உள்ளடக்கும். நம் கையில் இருக்கும் இந்த ஓர் இடைவெளியைப் பற்றி அது எந்த வாய்ப்பையும் கூறவில்லை.

இந்தப் பிழை கணிதம் அறியாதவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2014-இல் வெளியான ஆய்வொன்றில், ரிங்க் ஹூக்ஸ்ட்ராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 120 ஆராய்ச்சியாளர்களுக்கும் 442 மாணவர்களுக்கும் நம்பிக்கை இடைவெளி பற்றிய ஆறு கூற்றுகளைக் கொடுத்து, எவை சரி என்று குறிக்கச் சொன்னார்கள். ஆறுமே தவறான கூற்றுகள். பங்கேற்றவர்கள் சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்டவற்றைச் சரி என்று குறித்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் முதலாண்டு மாணவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாகச் செய்யவில்லை. துறைக்குள் இருப்பவர்களே இப்படி இருக்கும்போது, கேட்பவர்களிடம் நுட்பமான வேறுபாட்டை எதிர்பார்ப்பது பயனற்றது, எளிய வாக்கியத்தையே சொல்லிவிட்டுப் போகலாம் என்ற வாதம் எழுகிறது. அது எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆய்வுக்கு முன் அந்த வித்தியாசத்தைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, முன்னறிவையும் தரவையும் சேர்த்துக் கணக்கிடும் பேசியன் முறையைப் பின்பற்றினால், கிடைக்கும் எல்லைகள் நம் எடுத்துக்காட்டில் கிட்டத்தட்ட அதே 1.4-உம் 14.6-உமாகவே இருக்கும், அப்போது "95 சதவீத வாய்ப்பு" என்ற வாக்கியம் முறைப்படியே சரியாகிவிடும்.

ஆனால் எதுவும் தெரியாது என்ற அந்த நிபந்தனையில்தான் தீர்மானமே தொங்கிக்கொண்டிருக்கிறது. இதே போன்ற நினைவூட்டல் ஏற்பாடுகள் பலவற்றைப் பார்த்த அனுபவத்தில், வழக்கமான பலன் 2 புள்ளிகளை ஒட்டியே இருக்கும், பெரும்பாலும் 4 புள்ளிகள் இழப்பிலிருந்து 8 புள்ளிகள் லாபம் வரைக்குள் அடங்கும் என்று குழுவுக்கு ஏற்கெனவே தெரியும் என வைத்துக்கொள்வோம். அந்த முன்னறிவையும் நம் ஆய்வையும் அவற்றின் துல்லியத்துக்கு ஏற்ப எடைபோட்டுச் சேர்த்தால், மைய மதிப்பு 8-லிருந்து ஏறத்தாழ 4.6-க்கு இறங்குகிறது, 95 சதவீத எல்லைகள் 0.2-உம் 9-உமாக மாறுகின்றன. கட்டுப்படியாகும் அளவு 5 என்பதை நினைவில் கொண்டால், முதலில் வசதியாக மேலே நின்ற மைய மதிப்பு இப்போது அதற்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. முன்னறிவு இருந்தும் அதைக் கணக்கில் சேர்க்காமல் "95 சதவீத வாய்ப்பு" என்று சொன்னவர், ஒரு சொல்லாட்சிப் பிழையை மட்டும் செய்யவில்லை. தீர்மானத்தையே வேறு பக்கம் சாய்த்துவிட்டார்.

இதைவிட மோசமாகும் நிலை ஒன்று உண்டு. இருபது வகையான நினைவூட்டல்களைச் சோதித்து, அவற்றில் மிகப் பெரிய பலன் காட்டிய ஒன்றை மட்டும் எடுத்து அதன் இடைவெளியைக் குழுவின் முன் வைத்தால், அந்த இடைவெளிக்கு 95 என்ற தரமே மிஞ்சுவதில்லை. தற்செயலாக உயர்ந்து நின்றதைத்தான் நாம் பொறுக்கி எடுத்திருக்கிறோம் என்பதால், உண்மை பெரும்பாலும் அதைவிடத் தாழ்வாகவே இருக்கும். வாய்ப்பு வாக்கியம் இந்தத் தேர்வை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. ஆகவே அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், பேசியன் முறையில் கணக்கிட்டு, எந்த முன்னறிவைச் சேர்த்தோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அது நாணயமான வழி. உழைப்பு அதிகம், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, வரையறையை அப்படியே விளக்குவது. வகுப்பறைகளில் இதற்கு மீனும் வலையும் உதவுகின்றன: மீன் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது, அது நமக்குத் தெரியாத உண்மை மதிப்பு, நாம் வீசும் வலை ஒவ்வொரு தடவையும் சற்றுத் தள்ளி விழுகிறது, அது இடைவெளி, நூறு வீச்சில் தொண்ணூற்றைந்து மீனைச் சூழ்ந்துகொள்ளும். அசைவது மீனல்ல, வலைதான் என்பதை இந்த ஒப்புமை நன்றாக மனத்தில் பதியவைக்கிறது. திரையில் இருபது கிடைக்கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, உண்மை மதிப்பை ஒரு செங்குத்துக் கோடாகக் காட்டி, ஒரு கிடைக்கோடு மட்டும் அதைத் தொடாமல் விலகி நிற்பதைக் காட்டினால், ஐந்து நிமிடத்தில் பெரும்பாலோருக்கு விளங்கிவிடும்.

துல்லியத்தில் இந்த வழியை மிஞ்ச வேறொன்றில்லை. ஆனால் தீர்மானிக்க வந்தவர்களுக்கு இது உதவுவது குறைவு. விளக்கம் முடிந்ததும் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "சரி, நம்முடைய கோடு அந்தப் பத்தொன்பதில் ஒன்றா, விலகி நின்ற ஒன்றா?" தெரியாது என்பதுதான் நேர்மையான பதில், அந்தப் பதிலோடு குழு தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. "ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்தால்" என்று நாம் தொடங்கியதும், அடுத்த ஆய்வின் முடிவு 100-க்கு 95 தடவை இந்த 1.4-க்கும் 14.6-க்கும் இடையில் விழும் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுகிறார். அது சரியல்ல. அடுத்த ஆய்வும் தற்செயலால் ஆடும், நம் ஆய்வும் தற்செயலால் ஆடியிருக்கிறது. இரண்டு ஆட்டங்களும் சேரும்போது, அதே அளவுள்ள அடுத்த ஆய்வின் முடிவு நம் இடைவெளிக்குள் விழுவது சராசரியாக 100-க்கு 83 தடவைதான். ஆறு மாதம் கழித்து இன்னொரு பிரிவில் இதே சோதனையைச் செய்து, 0.5 என்ற விடை வந்தால், முதல் ஆய்வு பொய் என்று குழு கொதித்தெழக்கூடும். மறு ஆய்வு எதிர்பார்க்கப்படும் இடங்களில் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம்.

படத்தால் காட்டிவிடலாம் என்பது பலருக்குத் தோன்றும் நான்காவது வழி. பட்டைப் படத்தின் உச்சியில் சிறு மீசை போல இடைவெளியை வரைவது பரவலான பழக்கம். இந்தப் பணிக்கு அது பொருத்தமற்றது என்றே சொல்வேன். வண்ணம் பூசிய பட்டைக்கு உள்ளே இருக்கும் மதிப்புகள், அதே தொலைவில் வெளியே இருக்கும் மதிப்புகளைவிட அதிக வாய்ப்புள்ளவை என்று பார்ப்பவர்கள் கருதிவிடுகிறார்கள் என்பதை 2012-இல் ஜார்ஜ் நியூமனும் பிரையன் ஷோலும் சோதனைகளில் காட்டினார்கள். பட்டையை நீக்கிவிட்டு ஒரு புள்ளியும் அதன் இருபுறமும் கோடும் மட்டும் வரைந்தால் இந்தச் சாய்வு நீங்கிவிடும்.

இன்னும் நல்லது, இருபது சிறு புள்ளிகளைக் குவியலாக அடுக்கிக் காட்டும் படம். ஒவ்வொரு புள்ளியும் உண்மை வித்தியாசத்துக்கு ஏற்ற ஒரு மதிப்பு, நடுவில் குவியல் உயரமாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் இருக்கும். நம் எடுத்துக்காட்டில் 5-க்குக் கீழே ஏறத்தாழ நான்கு புள்ளிகள் விழும். யாரும் விரலால் எண்ணிப் பார்த்துவிடலாம். கணிதம் அறியாதவர்கள் இந்தப் படத்தோடு மிக விரைவில் ஒட்டிக்கொள்கிறார்கள். ஆனால் "இருபதில் நான்கு" என்று எண்ணுவது, வேறு உடையில் வந்த அதே வாய்ப்பு வாக்கியம்தான். முன்னறிவு எதுவும் இல்லை என்ற அனுமானம் அந்தப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. படம் வாயால் எதையும் சொல்வதில்லை என்பதால் வரைந்தவர் அதற்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது.

நான் பரிந்துரைப்பது ஐந்தாவது வழி: இடைவெளியின் இரு முனைகளையும் நடுவையும் தீர்மானத்தின் மொழியிலேயே சொல்லிவிடுவது, 95 என்ற எண்ணை யாராவது கேட்கும்வரை எடுக்காமல் இருப்பது. குழுவின் முன் அது ஏறத்தாழ இப்படி அமையும்:

"இந்த ஆய்வின்படி, அழைப்பு விடுத்தால் 100 பேருக்கு 8 பேர் கூடுதலாக வருவார்கள் என்பதே எங்களுடைய சிறந்த மதிப்பீடு. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் 800 பேர் மட்டுமே. உண்மையான பலன் 100-க்கு 1 பேர் என்ற அளவுக்குச் சிறியதாக இருந்திருந்தாலும், 15 பேர் என்ற அளவுக்குப் பெரியதாக இருந்திருந்தாலும், இப்போது நாம் பார்த்தது போன்ற முடிவு வருவது வியப்புக்குரியதல்ல. நடுவில் உள்ள எண்களே தரவோடு அதிகம் பொருந்துகின்றன. பலன் அறவே இல்லை என்பது தரவோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. ஆனால் நீங்கள் கட்டுப்படியாகும் என்று கருதும் 5 பேரைவிடப் பலன் குறைவாக இருக்கக்கூடும் என்பதை இந்த ஆய்வு மறுக்கவில்லை."

இந்தப் பேச்சில் தவறான வாக்கியம் எதுவும் இல்லை. "முடிவு வருவது வியப்புக்குரியதல்ல" என்பது இடைவெளியின் இன்னொரு முறையான பொருள்: எந்தெந்த உண்மை மதிப்புகள் இருந்திருந்தால் நம் தரவு அரிதான ஒன்றாகத் தோன்றாதோ, அந்த மதிப்புகளின் தொகுப்பே இடைவெளி. சதவீதப் புள்ளி என்பதற்குப் பதில் 100 பேரில் இத்தனை பேர் என்று சொல்லியிருப்பதையும் கவனிக்க வேண்டும். "8 சதவீதம் கூடியது" என்று கேட்டால், ஒருவர் 60-லிருந்து 68 என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் 60-இல் 8 சதவீதம், அதாவது 64.8 என்று எடுத்துக்கொள்வார். ஆட்களின் எண்ணிக்கையில் சொன்னால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

எல்லாவற்றையும்விட, கடைசி இரண்டு வாக்கியங்களில் தீர்மானத்துக்குத் தேவையான சாரம் இருக்கிறது. பூச்சியம் இடைவெளிக்கு வெளியே இருக்கிறது, ஆகவே முடிவு புள்ளியியல் முக்கியத்துவம் உடையது என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்துவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. குழு கேட்டது பூச்சியத்தைப் பற்றியல்ல, 5-ஐப் பற்றி. இடைவெளி 5-ஐ உள்ளடக்கியிருப்பதால், விரிவுபடுத்தலாம், ஆனால் பலனைக் கண்காணிக்க வேண்டும் என்றோ, இன்னும் பெரிய ஆய்வு தேவை என்றோ குழு சிந்திக்கத் தொடங்கும். பெரிய ஆய்வு என்றால் எவ்வளவு பெரியது என்று கேட்டால் அதற்கும் நேரான விடை உண்டு: இடைவெளியைப் பாதியாக்க, ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும், ஒவ்வொரு பிரிவிலும் 400-க்குப் பதில் 1600 பேர்.

இந்த வழிக்கும் குறைகள் இருக்கின்றன. முதலாவது, கட்டுப்படியாகும் எல்லை எது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். முடிவு வந்தபின் அந்த எல்லையை நிர்ணயித்தால், வந்த எண்ணுக்கு ஏற்ப அது நகர்ந்துவிடும். ஆய்வு தொடங்கும்போதே குழுவிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இரண்டாவது, "1 பேர் முதல் 15 பேர் வரை" என்று சொன்னதும், ஆர்வமுள்ளவர் 15-ஐயும் அஞ்சுபவர் 1-ஐயும் மட்டுமே பிடித்துக்கொள்வார். அதனால்தான் நடுவே தரவோடு அதிகம் பொருந்துகிறது என்ற வாக்கியத்தை நீக்கவே கூடாது. நேரம் போதவில்லை என்றால் வேறு எதையாவது வெட்டலாம். மூன்றாவது, இந்த வழி 95-ஐ விளக்குவதில்லை. குழுவில் ஒருவர் "இந்த 1-ஐயும் 15-ஐயும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால், அப்போது இருபது கோடுகளின் படத்தை எடுக்க வேண்டும். அந்தக் கேள்வி எழுந்தபின் வரையறை சொன்னால், கேட்பவர் அதை வரவேற்கிறார். அதற்கு முன்பே சொன்னால் பாரமாகிறது.

இவ்வளவு நிச்சயமின்மையைச் சொன்னால் ஆய்வின் மீதே நம்பிக்கை போய்விடாதா என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. எண்களோடு கூடிய வீச்சைச் சொல்வது கேட்பவரின் நம்பிக்கையைச் சிறிதளவே குறைக்கிறது என்றும், "இது சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம்" என்று எண்ணில்லாமல் வாய்ச்சொல்லால் சொல்வதே அதிகம் குறைக்கிறது என்றும் ஆன் மார்த்தே ஃபான் டெர் ப்ளெஸும் அவருடைய குழுவினரும் 2020-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. மழுப்பலாகத் தோன்றும் பேச்சுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஆகவே "தோராயமாக" என்று சொல்லி நழுவுவதைவிட, 1 முதல் 15 வரை என்று எண்ணைச் சொல்லிவிடுவதே மேல்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், இடைவெளிக்குள் அடங்காத பிழைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1.4 முதல் 14.6 வரை என்ற வீச்சு, குலுக்கலில் யார் எந்தப் பிரிவில் விழுந்தார்கள் என்ற தற்செயலை மட்டுமே கணக்கில் கொள்கிறது. தொலைபேசி எண் தந்தவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்திருந்தாலோ, அழைப்புப் பெற்றவர்களின் வருகையை மட்டும் ஊழியர்கள் கூடுதல் கவனத்தோடு பதிவுசெய்திருந்தாலோ, அதனால் வரும் விலகல் இடைவெளியின் நீளத்தில் எங்கும் தெரியாது. ஆட்களை நான்கு மடங்காக்கினால் அந்த விலகல் நான்கில் ஒரு பங்காகாது. இடைவெளி மட்டும் குறுகி, தவறான இடத்தில் இன்னும் உறுதியாக நிற்கும். அனுபவமுள்ளவர்கள் இதற்கென்று ஒரு வாக்கியத்தை ஒதுக்குவார்கள்: "இந்த வீச்சு தற்செயலை மட்டும் அளக்கிறது, ஆய்வு நடந்த விதத்தில் குறை இருந்தால் அது இதில் சேராது."

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அறிய, "புரிந்ததா?" என்று கேட்பது வீண், எல்லோரும் ஆம் என்பார்கள். கேட்ட ஒருவரிடம், கூட்டத்துக்கு வராத சக உறுப்பினருக்கு இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கலாம். "நோயாளிகளில் 95 சதவீதத்தினருக்குப் பலன் உண்டாம்" என்று அவர் சொன்னால், இடைவெளியை ஆட்களின் வீச்சாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். நான் பார்த்தவரை இதுவே மிக அடிக்கடி வரும் பிழை. 95-ஐயும் "சதவீதம்" என்ற சொல்லையும் ஒரே வாக்கியத்தில் கேட்டவர்களிடம்தான் இது முளைக்கிறது. ஐந்தாவது வழியில் அந்த எண்ணைத் தள்ளிவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "1-க்குக் குறையவே குறையாது" என்று சொன்னால், இடைவெளி வேலியாகிவிட்டது என்று பொருள். விளிம்புக்கு அப்பாலும் மதிப்புகள் தரவோடு கொஞ்சம் ஒத்துப்போகின்றன என்று திருத்தலாம்.

ஆகவே தேர்வு, கேட்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தீர்மானிக்க வந்தவர்களுக்கு முனைகளும் நடுவும். முறையைக் கற்க வந்தவர்களுக்கும், பிறருடைய ஆய்வுகளைப் பற்றி எழுதவிருக்கும் செய்தியாளர்களுக்கும் இருபது கோடுகளின் விளக்கம். முன்னறிவு நிறைய இருந்து, அதைச் சேர்த்துக் கணக்கிட நேரமும் இருந்தால், பேசியன் கணக்கும் புள்ளிக் குவியல் படமும் எல்லாவற்றையும் விஞ்சும். கூட்டல் கழித்தலை, ஒரு வரிச் செய்திக்கு மேல் இடமில்லாதபோது மட்டும்.

ஐந்தாவது வழியின் உண்மையான சோதனை, இடைவெளி பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் போகும்போதுதான். இதே ஆய்வை ஒவ்வொரு பிரிவிலும் 100 பேரோடு மட்டும் செய்திருந்து, அதே 68-உம் 60-உம் சதவீதம் வந்திருந்தால், திட்டப் பிழை இரட்டிப்பாகி, இடைவெளி மைனஸ் 5.3 முதல் 21.3 வரை விரிந்திருக்கும். இங்கே பலரும் "பலன் இல்லை என்று ஆய்வு காட்டுகிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு நல்ல ஏற்பாடு அந்த ஒரு வாக்கியத்தாலேயே கைவிடப்படக்கூடும். சொல்ல வேண்டியது இதுதான்: "100-க்கு 8 பேர் கூடுதலாக வருவார்கள் என்பதே இப்போதும் எங்கள் மதிப்பீடு. ஆனால் 5 பேர் குறைந்துபோவது முதல் 21 பேர் கூடுவது வரை எதுவும் இந்தச் சிறிய ஆய்வோடு பொருந்தும். பலன் இருக்கிறதா இல்லையா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது; சொல்ல வேண்டுமானால் கூடுதல் ஆட்கள் தேவை."